ராத்திரி பதினோரு மணி மக்ரூன்: பரீட்சை நேரத்தில் டயட் எங்கே உடைகிறது?

எடை குறைக்க வேண்டும் என்று ஜனவரியில் ஆரம்பித்து, மார்ச் வரைக்கும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த டயட், ஏப்ரல் செமஸ்டர் ஸ்டடி லீவ் வந்ததும் ஒரே வாரத்தில் உடைந்துபோகும். கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பகல் பூரா கன்ட்ரோலா இருந்தேன், ராத்திரி என்னமோ ஆயிட்டு." இந்த 'என்னமோ' என்ன என்பதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப் போகிறோம். மன உறுதி குறைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், தப்பு ராத்திரியில் இல்லை, பகலில் இருக்கிறது என்று தெரிகிறது.

தூத்துக்குடியை எடுத்துக்கொண்டு பேசுவோம். இந்த ஊரில் படிக்கிற பிள்ளையின் மேஜைக்குப் பக்கத்தில் என்ன இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மக்ரூன் பாக்கெட், மிக்சர், கோவில்பட்டி கடலைமிட்டாய், அப்புறம் அம்மா கொண்டுவந்து வைக்கிற டீ. இந்த நான்கைத் தெரிந்துகொண்டால் விஷயம் பாதி புரிந்துவிடும்.

மூளை அவ்வளவு எரிப்பதில்லை

"படிச்சா மூளைக்கு எனர்ஜி வேணும்ல" என்று சொல்லித்தான் நொறுக்குத்தீனி மேஜைக்கு வருகிறது. மூளை நிறைய சக்தியைச் செலவு செய்கிற உறுப்பு என்பது உண்மைதான். ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. ஆனால் அது சும்மா உட்கார்ந்திருந்தாலும் போகிறது, தூங்கினாலும் போகிறது. கால்குலஸ் போடுவதால் அந்தச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை.

கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். 2008இல் வெளியான ஆய்வு. 14 மாணவிகள். ஒரு நாள் 45 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு நாள் அதே 45 நிமிடம் ஒரு கட்டுரையைப் படித்துச் சுருக்கம் எழுதினார்கள். மூன்றாவது நாள் கணினியில் கவனத்தையும் நினைவாற்றலையும் சோதிக்கிற தேர்வுகள் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் முடிந்த பிறகு, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று சாப்பாடு வைத்தார்கள். மூளை வேலைக்கு ஆன கூடுதல் செலவு வெறும் 3 கலோரி. ஆனால் சும்மா இருந்த நாளைவிட, சுருக்கம் எழுதிய நாளில் ஏறக்குறைய 200 கலோரியும், கணினித் தேர்வு செய்த நாளில் 250 கலோரியும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். இத்தனைக்கும் தங்களுக்குப் பசி கூடியதாக அவர்கள் சொல்லவில்லை. மூளை வேலை செய்த நாட்களில் அவர்களுடைய ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறி இறங்கியது, கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனும் அதிகமாக இருந்தது.

சின்ன ஆய்வுதான், 14 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் நம் வீட்டில் நடப்பது அப்படியே அதில் இருக்கிறது. படிப்பது கலோரியை எரிக்காது, ஆனால் சாப்பிட வைக்கும்.

ஸ்டடி லீவில் டெஃபிசிட் தானாகவே சுருங்குகிறது

இரண்டாவது விஷயத்தைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பேர் வேண்டாம், தூத்துக்குடியில் வீட்டிலிருந்து காலேஜ் போய் வருகிற ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். வயது 20, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 64 கிலோ.

உடம்பு சும்மா கிடந்தாலே எவ்வளவு செலவழிக்கும் என்று மதிப்பிட, டயட்டீஷியன்கள் அதிகம் பயன்படுத்துகிற வாய்பாடு மிஃப்ளின்-செயின்ட் ஜியோர். பெண்களுக்கு அது இப்படி: எடை × 10 + உயரம் × 6.25 − வயது × 5 − 161. நம் மாணவிக்குப் போட்டால் 1,366 கலோரி வருகிறது. இதை நடமாட்டத்துக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும்.

காலேஜ் இருக்கும் நாட்களில் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறாள், மாடி ஏறுகிறாள், லேபில் இரண்டு மணி நேரம் நிற்கிறாள், சாயங்காலம் தோழிகளோடு கடற்கரைப் பக்கம் போய் வருகிறாள். அப்போது 1.5 என்று வைக்கலாம். நாளுக்கு 2,050 கலோரி செலவாகிறது. அவள் 1,550 சாப்பிடுகிறாள். 500 குறைகிறது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்குப்படி, வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியாக இறங்கும். மூன்று மாதமாக நடந்தது இதுதான்.

ஸ்டடி லீவ் வந்தது. காலை ஆறிலிருந்து ராத்திரி பன்னிரண்டு வரை நாற்காலி, கட்டில், மறுபடி நாற்காலி. வெளியே வெயில் வேறு, அதனால் சாயங்கால நடையும் போச்சு. இப்போது பெருக்கல் எண் 1.3தான். செலவு 1,780க்கு இறங்கிவிட்டது. அவள் அதே 1,550தான் சாப்பிடுகிறாள், ஒரு வாய்கூடக் கூட்டவில்லை. ஆனால் 500 ஆக இருந்த பற்றாக்குறை 230 ஆகிவிட்டது.

இதனால் என்ன ஆகும்? வாரத்துக்கு 200 கிராம் இறங்கும். எடை மெஷின் அதைக் காட்டாது. தண்ணீர், உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் இவற்றாலேயே எடை ஒரு கிலோ வரை மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தில் 200 கிராம் எங்கே தெரியும்? "ஒழுங்காத்தானே இருக்கேன், ஏன் இறங்கல?" என்று அவளுக்குப் பதற்றம் வருகிறது. ஏற்கெனவே பரீட்சைப் பதற்றம், அதன் மேல் இது. அடுத்து அவள் எடுக்கிற முடிவுதான் எல்லாவற்றையும் உடைக்கிறது: "1,200க்குக் குறைச்சிருவோம்."

ஒரு நாள் கணக்கு

குறைப்பதற்குச் சுலபமான இடம் காலைச் சாப்பாடு. அதை விட்டுவிட்டு டீ மட்டும் குடிக்கிறாள். மதியம் கொஞ்சமாகச் சோறு, ரசம், பொரியல். நான்கு மணிக்கு இன்னொரு டீ. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, கூட ஒரு டீ. மொத்தம் சுமார் 860 கலோரி. ஒன்பது மணிக்குக் கணக்குப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள்: இன்னும் 340 மிச்சம் இருக்கிறது, அதையும் சாப்பிடாமல் விட்டால் இன்னும் நல்லது!

பதினோரு மணி. மூன்றாவது யூனிட் மண்டையில் ஏறவில்லை. மக்ரூன் பாக்கெட் திறக்கப்படுகிறது.

தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் இருப்பது முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான். வெள்ளைக்கருவை நுரை வரும்வரை அடித்து, பொடித்த முந்திரியையும் சர்க்கரையையும் கலந்து, கூம்பு மாதிரி பிழிந்து, மெதுவான சூட்டில் காயவிடுகிறார்கள். நுரையில் பிடிபட்ட காற்றால்தான் அது கையில் எடையே இல்லாதது போல இருக்கிறது, வாயில் போட்டதும் கரைகிறது. மெல்ல வேண்டியதில்லை, வயிறு நிறைந்த உணர்வும் வராது. ஆனால் 100 கிராமுக்குச் சுமார் 450 கலோரி. மிக்சர் 100 கிராமுக்கு 500ஐத் தாண்டும். அதிலும் உப்பும் காரமும் மொறுமொறுப்பும் சேர்ந்து, கையை நிறுத்த விடாது.

முதல் இரண்டு மக்ரூனோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டாவது முடிந்ததும் மனசுக்குள் ஒரு குரல் கேட்கும்: "போச்சு, இன்னைக்கு டயட் காலி. நாளையில இருந்து பாத்துக்கலாம்." இந்தக் குரல் உளவியலில் நன்றாகப் பதிவானது. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ருசி பார்க்கச் சொல்லி ஐஸ்கிரீம் வைத்தார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பழக்கம் இல்லாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள், வயிறு நிறைந்துவிட்டதே. எப்போதும் டயட் சிந்தனையில் இருந்தவர்கள் அதற்கு நேர்மாறாக, மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். கோடு தாண்டியாகிவிட்டது, இனி எவ்வளவு தாண்டினால் என்ன என்ற கணக்கு அது.

நம் மாணவி பாதிப் பாக்கெட் மக்ரூன், அதாவது 125 கிராம், சாப்பிட்டுவிடுகிறாள். இனிப்பு திகட்டியதும் 60 கிராம் மிக்சர். இரண்டும் சேர்ந்து 870 கலோரி. நாளின் மொத்தம் 1,730.

அவளுடைய உடம்பு செலவழித்தது 1,780. பகல் பூரா பட்டினி கிடந்து, தலைவலியோடு படித்து, ராத்திரி குற்ற உணர்ச்சியோடு படுத்து, கடைசியில் அவள் சேர்த்த டெஃபிசிட் 50 கலோரி. ஒரு மக்ரூன் அளவு.

மறுநாள் காலை மெஷினில் ஒரு கிலோ கூடியிருக்கும். அது கொழுப்பு இல்லை. அந்த 870 கலோரி அப்படியே கொழுப்பானாலும் 110 கிராம்தான் வரும். மிக்சரின் உப்பும், சர்க்கரையோடு சேர்ந்து தசையில் தங்குகிற நீரும்தான் அந்த ஒரு கிலோ. இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கிவிடும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு அவள் மறுபடி காலைச் சாப்பாட்டை விடுகிறாள். சுழல் அங்கே ஆரம்பிக்கிறது.

அதே 1,730ஐ வேறு மாதிரி வைத்தால்

அதே அளவுதான், கலோரியில் ஒன்றும் கூட்ட வேண்டாம். இடத்தை மட்டும் மாற்றுவோம்.

காலையில் மூன்று இட்லி, சாம்பார், ஒரு அவித்த முட்டை: 335. பதினோரு மணிக்கு நுங்கு அல்லது நீர்மோர்: 50. ஏப்ரலில் இந்தப் பக்கம் நுங்குக்குப் பஞ்சமில்லை, பெரும்பகுதி தண்ணீர்தான். சீனி மட்டும் போடாமல் இருந்தால் போதும். மதியம் ஒன்றரைக் கப் சோறு, சாளை மீன் குழம்பு, காய்: 490. ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு டீ: 240. ராத்திரி எட்டரைக்கு இரண்டு தோசை, சாம்பார்: 320. பத்தரை மணிக்குச் சீனி போடாத பால் ஒரு தம்ளர், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை: 210. அதோடு இரண்டு மக்ரூன், 20 கிராம்: 90.

மொத்தம் 1,735. பட்டினி நாளுக்கும் இதற்கும் ஐந்து கலோரிதான் வித்தியாசம். ஆனால் இந்த நாளில் பசி இல்லை, முட்டை, மீன், சுண்டல், பால் என்று நாள் முழுக்கப் புரதம் பரவியிருக்கிறது, மக்ரூனும் இருக்கிறது. அந்த இரண்டு மக்ரூனும் கணக்குக்குள் இருப்பதால், "போச்சு" என்கிற குரலுக்கு வேலையே இல்லை. பாக்கெட்டை மேஜைக்குக் கொண்டுவராமல், இரண்டை மட்டும் ஒரு தட்டில் எடுத்துவைப்பதுதான் இதில் இருக்கிற ஒரே விதி. பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிட்டால் எத்தனை என்று எண்ணவே முடியாது, கண் புத்தகத்தில் இருக்கும்.

கடலைமிட்டாய்க்கும் இதே கணக்குதான். வேர்க்கடலையும் வெல்லமும், ஒரு 20 கிராம் துண்டு சுமார் 100 கலோரி. மெல்ல வேண்டும், கொஞ்சம் புரதமும் உண்டு, அந்த வகையில் மக்ரூனைவிட வயிற்றில் நிற்கும். "வெல்லம் தானே, உடம்புக்கு நல்லது" என்று ஐந்து துண்டு உள்ளே போனால் 500. உடன்குடி கருப்பட்டி போட்ட காபிக்கும் இந்தச் சலுகை கிடையாது. கருப்பட்டியின் கலோரி ஏறக்குறைய சீனியின் கலோரிதான்.

டெஃபிசிட்டை நிறுத்தினால் எவ்வளவு நஷ்டம்?

"அப்போ பரீட்சை முடியுற வரைக்கும் எடை இறங்காதா?" என்று கேட்கலாம். இறங்காது. அதற்கு என்ன விலை என்று பார்ப்போம். ஸ்டடி லீவும் பரீட்சையும் சேர்த்து 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். பழைய 1,550ஐ ஒரு நாள்கூட உடைக்காமல் காத்திருந்தால், நாளுக்கு 230 வீதம் 4,600 கலோரி, அதாவது 600 கிராம். செலவுக்குச் சமமாகச் சாப்பிட்டால் நீங்கள் இழப்பது அந்த 600 கிராமைத்தான். மே மாதத்தில் மறுபடி நடக்க ஆரம்பித்து, பழைய 500 கலோரி டெஃபிசிட்டுக்குப் போனால் ஒன்பது பத்து நாளில் அது வந்துவிடும்.

இன்னொரு பக்கம், பத்து ராத்திரி பாக்கெட் திறந்தால் அந்த 600 கிராமும் கிடைக்காது, படிப்பும் கெடும். அதனால் பரீட்சை நேரத்துக்கு டெஃபிசிட்டை வேண்டுமென்றே நிறுத்திவைப்பதை நான் தோல்வியாகப் பார்ப்பதில்லை. மராமத்துக்காக வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைப்பது மாதிரி, சீசன் வந்ததும் இறக்கிக்கொள்ளலாம்.

தூக்கம்தான் மறைந்திருக்கும் கை

ஒரு டயட் நாள் எந்த நேரத்தில் உடைகிறது என்று பாருங்கள், காலை பத்து மணிக்கு யாருக்கும் உடைவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் வெளியான ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள், இன்னொரு முறை இரண்டு ராத்திரி பத்து மணி நேரம். தூக்கம் குறைந்தபோது பசியைத் தூண்டுகிற கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது, 'போதும்' என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. பசி மட்டும் கூடவில்லை, இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல்தான் ஆசை அதிகமாகக் கூடியது. மக்ரூனும் மிக்சரும் அதே பட்டியல்தான்.

டீ இங்கேதான் மாட்டிவிடுகிறது. காஃபின் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பது மணி டீயின் பாதி, ரெண்டு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். போதாக்குறைக்கு, பாலும் இரண்டு ஸ்பூன் சீனியும் போட்ட ஒவ்வொரு டீயும் 80 கலோரி. நாளுக்கு ஐந்து குடித்தால் 400, ஒரு வேளைச் சாப்பாடு. ஐந்து மணி டீயைக் கடைசி டீயாக வைத்துக்கொண்டால் இரண்டு பிரச்சினையும் சேர்ந்து குறையும்.

பசியா, பயமா?

ராத்திரி எழுந்து சமையலறைக்குப் போகிறபோது ஒரு கேள்வி போதும்: இப்போது இரண்டு ஆறிப்போன இட்லி கொடுத்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் அது பசி, தாராளமாகச் சாப்பிடுங்கள், அதை அடக்கினால் நாளைக்கு வட்டியோடு வரும். இட்லி வேண்டாம், மக்ரூன்தான் வேண்டும் என்றால், எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடினீர்கள் என்று பாருங்கள். மூன்று நாள் குறித்துவைத்தால் தெரியும், பெரும்பாலும் அதே பாடம், அதே மாதிரிக் கணக்கு. அந்தப் பாடத்தை ராத்திரி பதினொன்றுக்கு வைத்துக்கொள்ளாமல் காலைக்கு மாற்றினால், நொறுக்குத்தீனியும் பாதி குறைந்துவிடும்.

சிலருக்கு மன அழுத்தம் நேர்மாறாக வேலை செய்யும், பசியே இருக்காது. பரீட்சைக் காலையில் "ஏட்டி, ரெண்டு வாயாவது சாப்டுட்டுப் போ" என்று அம்மா கெஞ்சினாலும் இறங்காது. அட்ரினலின் வயிற்றைத் தற்காலிகமாக மூடிவைக்கிறது. பரீட்சை முடிந்து மதியம் வெளியே வந்ததும் அது திறந்துகொள்ளும். பரோட்டா கடையில் நான்கு பரோட்டா சால்னாவோடு போவது அந்த நேரத்தில்தான். இவர்களுக்கு இட்லியைவிட, பாதி வாழைப்பழமும் ஒரு தம்ளர் பாலும் சுலபமாக இறங்கும். அதுவே மதியப் பாய்ச்சலைக் குறைக்கப் போதும்.

இந்தக் கணக்கு யாருக்கு இல்லை

மேலே சொன்ன எண்கள் எல்லாம் மதிப்பீடுகள். வாய்பாடு நூறு இருநூறு கலோரி தள்ளிப்போகலாம், வீட்டு இட்லி அளவும் வீட்டுக்கு வீடு மாறும். பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் வளர்கிறவர்கள், அவர்கள் டாக்டர் சொல்லாமல் டெஃபிசிட்டில் இருக்கவே கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலைச் சாப்பாட்டை விடுவது ஆபத்து.

இன்னும் ஒன்று. நிறுத்த முடியாமல் சாப்பிடுவது வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து, மாதக்கணக்கில் தொடர்ந்தால், யாருக்கும் தெரியாமல் ஒளித்துச் சாப்பிட்டால், சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினால், அல்லது மாதவிடாய் தள்ளிப்போய் நின்றே விட்டால், அது நொறுக்குத்தீனிப் பிரச்சினை இல்லை. அட்டவணை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு, அடுத்த ஸ்டடி லீவின் முதல் நாள் செய்ய வேண்டியது இரண்டே காரியம்: நடமாட்டம் குறைந்ததற்கு ஏற்றபடி செலவை மறுபடி கணக்குப் போடுங்கள், காலைச் சாப்பாட்டின் மேல் கை வைக்காதீர்கள். ராத்திரி பதினோரு மணியை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.